மூச்சை இழுக்கும்போது கீழ் விலா வெளியே விரிவது எப்படி? உதரவிதானம் உள்ளேதானே இழுக்க வேண்டும்?

பெரம்பூர் டியூஷன் | ஞாயிறு, இரவு 9:40

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். வீட்டு மொட்டை மாடியில்தான் வகுப்பு, 14 பேர். போன வாரம் சுவாசப் பாடத்துக்கு எல்லாரும் செய்கிற பாட்டில் மாதிரியைச் செய்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்து, வாய்ப்பக்கம் ஒரு பலூனை உள்ளே தொங்கவிட்டு, அறுத்த பக்கத்தில் இன்னொரு பலூனை வெட்டி இழுத்துக் கட்டுவது. கீழ்ப் பலூனைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருப்பது உப்பும்.

எல்லாம் சரியாகத்தான் போனது. அப்போது ஒரு பெண் தன் விலாவின் இரண்டு பக்கமும் கைவைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மிஸ், உதரவிதானத்தோட ஓரம் விலா எலும்புலதான் ஒட்டியிருக்கு. தசை சுருங்கினா ஒட்டின இடத்தை உள்ள இழுக்கணும். பாட்டில்ல பலூனை இழுக்கும்போது பாட்டிலோட ஓரம்கூட லேசா உள்ள வளையுது. ஆனா என் விலா வெளிய போகுதே, எப்படி?"

விலா இடைத்தசைகள் தூக்குகின்றன என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கே திருப்தி இல்லை. தாம்பாளம் மாதிரி விரிந்த ஒரு தசை சுருங்கினால் அதன் விளிம்பு உள்ளேதானே வர வேண்டும்? சாதாரண மூச்சைப் பற்றித்தான் கேட்கிறேன், ஓடி வந்து இரைக்கிற மூச்சு இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அம்பத்தூர் பட்டறை | ஞாயிறு, இரவு 10:15

டீச்சர், இது நேரடி பிஸ்டன் கணக்கு. உதரவிதானம் பிஸ்டன், மார்புக்கூடு சிலிண்டர். பிஸ்டன் கீழே போனால் கொள்ளளவு கூடும், உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று தானாக வரும். விலா விரிவது தனி வேலை, அதை விலாத்தசை பார்த்துக்கொள்கிறது. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

நாளைக்கு டெய்லர் டேப் வைத்து அளந்து கணக்கே போட்டுக் காட்டுகிறேன்.

---

மயிலை வாய்ப்பாட்டு | திங்கள், காலை 5:50

முப்பது வருடமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். விலா விரியவே கூடாது அம்மா. மூச்சு நாபியிலிருந்து வர வேண்டும். மார்பு அசைந்தால் மூச்சு மேலோட்டமாக நிற்கிறது என்று அர்த்தம். காற்றை வயிறு வரைக்கும் இறக்கினால்தான் நீண்ட சங்கதி ஒரே மூச்சில் நிற்கும். உங்கள் மாணவியைக் காலையில் தம்பூரா சுருதியில் ஷட்ஜம் பிடித்து உட்காரச் சொல்லுங்கள், ஒரு மண்டலத்தில் சரியாகிவிடும்.

---

பெரம்பூர் டியூஷன் | திங்கள், காலை 7:05

ஐயா, அவளுக்கு மூச்சில் குறை ஒன்றும் இல்லை. விலா விரிவது எல்லாருக்கும் நடக்கிறது, எப்படி நடக்கிறது என்பதுதான் கேள்வி.

---

கே.கே.நகர் பிசியோ | திங்கள், பிற்பகல் 2:20

டீச்சர், அந்தப் பெண்ணின் கேள்வி அருமையானது. நான் நெஞ்சு நோயாளிகளோடு 17 வருடமாக வேலை செய்கிறேன். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளவே எனக்கு நாலைந்து வருடம் ஆனது.

தப்பு எங்கே என்றால், தாம்பாளம் என்று நினைப்பதில். உதரவிதானம் தட்டையாக இல்லை. ஆழமான கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்த மாதிரி இருக்கிறது. கிண்ணத்தின் உச்சியில் தசை கிடையாது, அங்கே நார்த்தகடு மட்டும்தான். தசை இருப்பது கிண்ணத்தின் சுவரில். அந்தச் சுவர் கீழ் விலாக்களின் உட்பக்கத்தில் கிளம்பி, விலாவை ஒட்டியபடி கிட்டத்தட்ட நேர் மேலே ஏறி, அப்புறம்தான் வளைந்து உச்சிக்குப் போகிறது. அமைதியாக மூச்சை விட்டு முடித்த நிலையில், கீழ் விலாக்களின் உட்பக்கத்தில் பல சென்டிமீட்டர் உயரத்துக்கு நுரையீரலே இல்லை. விலா, அதை ஒட்டி உதரவிதானம், அதற்கு உள்ளே வலதுபுறம் கல்லீரல், இடதுபுறம் இரைப்பையும் மண்ணீரலும். இந்த ஒட்டிய பகுதிதான் உங்கள் கேள்விக்கு விடை.

தசைநார்கள் நேர் மேலே போகின்றன என்றால் அவை சுருங்கும்போது இழுப்பதும் மேல் கீழாகத்தான். முதலில் உச்சி இறங்குகிறது. அடியில் வயிற்று உறுப்புகள் இருக்கின்றன. அவற்றை நசுக்கிச் சிறிதாக்க முடியாது, வயிற்றுச் சுவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் நகரத்தான் முடியும். அந்தச் சுவரும் ஓரளவுக்கு மேல் இடம் கொடுக்காது. ஆக, உச்சி கல்லீரல் மேல் அழுந்தி உட்கார்ந்துகொள்கிறது. மேல் முனைக்கு இப்படி ஒரு தாங்கல் கிடைத்த பிறகும் தசை சுருங்கினால் எந்த முனை நகரும்? கீழ் முனை. அதாவது விலா மேலே இழுபடும்.

கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு ராட்டினத்தின் மேல் வளைந்து வருவதால், நாம் கீழ்நோக்கி இழுத்தாலும் வாளி மேலே வருகிறது. இங்கே ராட்டினத்தின் இடத்தில் கல்லீரலும் வயிற்று அழுத்தமும், வாளியின் இடத்தில் விலா.

விலா மேலே போனால் அது வெளியேயும் போயாக வேண்டும். விலா எலும்பு முதுகில் கீல் போட்டு மாட்டியிருக்கிறது, பக்கவாட்டில் கீழ்நோக்கித் தொங்குகிறது. வாளியின் பக்கத்தில் சாய்ந்து கிடக்கும் கைப்பிடியைத் தூக்கினால் அது மேலே மட்டுமா போகிறது, வெளிப்பக்கமும் விலகுகிறது இல்லையா, அதே மாதிரி. இது போதாதென்று வயிற்றில் கூடிய அழுத்தம், நான் சொன்ன அந்த ஒட்டிய பகுதி வழியாக, கீழ் விலாக்களை உள்ளிருந்து வெளியே தள்ளவும் செய்கிறது.

பட்டறை சார், அதனால் இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது. தான் இறங்கும்போதே சிலிண்டரின் அடிப்பகுதியையும் அகலமாக்குகிற பிஸ்டன் இது.

---

அம்பத்தூர் பட்டறை | திங்கள், இரவு 9:30

பிசியோ சார், நீங்க சொன்னதைப் படிச்சிட்டுத்தான் அளந்தேன். ஆனா கணக்கு இடிக்குது.

நெஞ்செலும்பு முடியுற இடத்துல டேப்பைச் சுத்தினேன். மூச்சை விட்டப்போ 88 செ.மீ., இழுத்தப்போ 88.8 செ.மீ. வட்டம்னு வச்சுக்கிட்டா குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 616 சதுர செ.மீ.ல இருந்து 627க்குப் போகுது, அதாவது 11 கூடுது. மார்புக்கூட்டு உயரம் 25 செ.மீ.னு எடுத்தா 275 மில்லி. உதரவிதானம் ஒன்றரை செ.மீ. இறங்குதுன்னு வச்சு, பரப்பு 250 சதுர செ.மீ.னு போட்டா 375 மில்லி. ரெண்டும் சேர்ந்து 650. சாதாரண மூச்சு அரை லிட்டர்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு. 150 மில்லி எங்கே போச்சு?

---

கே.கே.நகர் பிசியோ | செவ்வாய், காலை 6:45

அளந்து பார்த்தீர்களே, அதுவே பெரிய விஷயம். மூன்று இடத்தில் கணக்கு வழுக்குகிறது.

ஒன்று, மார்பு வட்டம் இல்லை. முன்பின்னாக நசுங்கிய வட்டம். அதே சுற்றளவுக்கு வட்டத்தைவிட அதில் பரப்பு குறைவு. இது சின்னத் தப்புதான்.

இரண்டாவதுதான் பெரிது. நீங்கள் டேப் சுற்றிய இடத்துக்குக் கீழே விலாக்கூட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் கல்லீரலும் இரைப்பையும். அங்கே 8 மில்லிமீட்டர் கூடினால் அத்தனையும் நுரையீரலுக்கான இடம் ஆகாது. அந்த 8 மில்லிமீட்டரை 25 செ.மீ. உயரம் முழுவதற்கும் பரப்பிவிட்டீர்கள். மேல் மார்பு அந்த அளவுக்கு விரியாது. அங்கே விலாக்கள் பக்கவாட்டில் தூக்குவதைவிட, நெஞ்செலும்பை முன்னும் மேலுமாக நகர்த்துவதுதான் அதிகம். அடிபம்பின் கைப்பிடி ஏறுகிற மாதிரி.

மூன்றாவது, டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுவிட்டால் யாருக்கும் அது சாதாரண மூச்சாக இருக்காது. கவனித்த உடனேயே மூச்சு பெரிதாகிவிடும்.

1967இல் கோனோ, மீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு நல்ல வழி சொன்னார்கள். உதரவிதானம் எத்தனை செ.மீ. இறங்கியது என்று உள்ளே போய்த் தேட வேண்டாம். வயிற்று உறுப்புகள் சுருங்காதவை என்பதால், உதரவிதானம் கீழே தள்ளிய அளவு வயிறு முன்னால் வந்தே ஆக வேண்டும். ஆக, விலாக்கூடு எவ்வளவு நகர்ந்தது, வயிறு எவ்வளவு நகர்ந்தது என்று வெளியிலிருந்தே அளந்து கூட்டினால் உள்ளே போன காற்றின் அளவு கிடைக்கும். நீங்கள் விலாவை வெளியிலும் உதரவிதானத்தை உள்ளேயும் எடுத்துக் கூட்டியதில், கொஞ்ச இடம் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது.

---

அம்பத்தூர் பட்டறை | செவ்வாய், இரவு 11:10

ஒத்துக்கறேன். டிவியில மேட்ச் ஓடிட்டு இருந்தப்போ, எனக்கே கவனம் இல்லாத நேரமாப் பார்த்து என் பையன் டேப் வச்சுப் பார்த்தான். நெஞ்செலும்பு முனையில் கூடினது 4 மில்லிமீட்டர்தான், பாதியாயிடுச்சு. மார்க்காம்புக்கு நேரா அளந்தா 2 மில்லிமீட்டரோ 3ஓ, டேப்புல சரியாப் படிக்கவே முடியலை. வயிறுதான் நல்லாத் தெரிஞ்சுது. சாய்வு நாற்காலியில படுத்த மாதிரி கிடந்தேன், அதுவும் ஒரு காரணமா இருக்குமா?

---

கே.கே.நகர் பிசியோ | புதன், காலை 6:30

ஆமாம் சார். சாய்ந்தாலும் படுத்தாலும் வயிற்றின் பங்கு கூடும், நிமிர்ந்து உட்கார்ந்தால் விலாவின் பங்கு கூடும். நிற்கும்போது வயிற்றுத் தசையில் லேசான இறுக்கம் இருக்கும், அது ராட்டினத்துக்கு நல்ல தாங்கலாகிறது. படுத்தால் வயிறு தளர்ந்து எளிதாக இடம் கொடுத்துவிடுகிறது.

மயிலை ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. காற்று வயிற்றுக்குப் போவதில்லை, நுரையீரலைத் தாண்டி அதற்கு வழி கிடையாது. ஆனால் கை வைத்தால் வயிறு முன்னால் வருவது உதரவிதானம் இறங்குவதற்கான நேரடி அடையாளம். உங்கள் கைப்பழக்கம் அதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. விலா அசையவே கூடாது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. உதரவிதானம் நன்றாக வேலை செய்தால் கீழ் விலா விரியத்தான் செய்யும்.

---

மயிலை வாய்ப்பாட்டு | புதன், காலை 8:15

மேல் மார்பையும் தோளையும் தூக்காதே என்றுதான் என் குரு சொன்னார். அதை நான் விலா முழுக்கவும் என்று எடுத்துக்கொண்டு இத்தனை வருடம் சொல்லிவந்திருக்கிறேன். பிள்ளைகளின் கீழ் விலாவை இன்று கவனித்துப் பார்க்கிறேன். பாடும்போது மூச்சை வெளியே விடுகிற கட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

---

பிளஸ் ஒன் உயிரியல் | புதன், மாலை 6:40

மிஸ்கிட்ட கேள்வி கேட்டது நான்தான். அண்ணா, மூச்சு விடுறதுக்கு உள் விலா இடைத்தசை சுருங்கி விலாவைக் கீழ இழுக்கும்னு ஒரு கைடுல போட்டிருக்கு. அது சரியா? ஒரு மார்க் கேள்வியா வரும், அதான்.

---

கே.கே.நகர் பிசியோ | புதன், இரவு 10:05

தங்கச்சி, அமைதியான மூச்சில் அது தேவையே இல்லை. இருமும்போது, ஊதும்போது, ஓடும்போது வெளிமூச்சுத் தசைகள் வேலை செய்கின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சை வெளியே தள்ள எந்தத் தசையும் மெனக்கெட வேண்டியதில்லை.

ஏன் என்றால் நுரையீரல் எந்நேரமும் சுருங்கிக்கொள்ளத் துடிக்கிற பொருள். மார்புச் சுவரோ வெளியே விரியப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய ஈரப்படலம், காற்றுக்கு இடமே கிடையாது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒட்டினால் வழுக்கும், ஆனால் பிரித்தெடுக்க வராது இல்லையா, அப்படித்தான் ஒட்டியிருக்கின்றன. மூச்சை இழுக்கும்போது உதரவிதானமும் விலாத்தசையும் இந்த நுரையீரலை இழுத்து நீட்டுகின்றன. தசை தளர்ந்ததும் நீட்டிய ரப்பர் மாதிரி அது பழைய அளவுக்குத் திரும்புகிறது, காற்று வெளியே வருகிறது. நுரையீரல் உள்ளே இழுப்பதும் மார்புச் சுவர் வெளியே இழுப்பதும் சமமாகிற இடத்தில் தானாக நின்றுவிடுகிறது. அந்த நிலையிலும் பெரியவர்களின் நுரையீரலில் இரண்டு, இரண்டரை லிட்டர் காற்று இருக்கும். நெஞ்சில் குத்துப்பட்டு அந்த ஈரப்படலத்துக்குள் காற்று புகுந்துவிட்டால் இது கண்ணுக்கே தெரியும். நுரையீரல் சுருண்டுகொள்ளும், அந்தப் பக்க விலாக்கூடு விரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம். மூச்சை இழுத்து முடித்த உடனே உதரவிதானம் பொத்தென்று விட்டுவிடுவதில்லை. வெளிமூச்சின் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் பிடித்துப் பிடித்துத்தான் விடுகிறது. கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றை உள்ளங்கையில் நழுவவிட்டு இறக்குவோமே, அது மாதிரி. மயிலை ஐயா கேட்ட கட்டுப்பாட்டின் ஒரு பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

எவ்வளவு சின்ன விசையில் இதெல்லாம் நடக்கிறது என்று பார்க்க வேண்டுமா? இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு, நீர் ஒரே ஒரு சென்டிமீட்டர் மேலே ஏறுகிற அளவுக்கு உறிஞ்சிப் பார். சாதாரண மூச்சில் நுரையீரலின் காற்றறைகளுக்குள் ஏற்படும் அழுத்தக் குறைவு அவ்வளவுதான். அதற்கே அரை லிட்டர் காற்று உள்ளே வந்துவிடுகிறது.

---

வியாசர்பாடி | வியாழன், காலை 11:30

எல்லாரும் படிப்பு பத்திப் பேசுறீங்க, நடுவுல என் விஷயத்தைக் கேக்குறதுக்கு மன்னிக்கணும். அப்பாவுக்கு 61 வயசு. மூணு வாரம் முன்னாடி வலது தோள்ல தசைநார் கிழிஞ்சதுக்கு ஆபரேஷன் நடந்துச்சு. கை மரத்துப்போறதுக்குக் கழுத்துல ஊசி போட்டாங்க. தோள் நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னையிலேர்ந்து படுத்தா மூச்சு முட்டுதுன்றாரு. உக்காந்தா சரியாயிடுது. ராத்திரியெல்லாம் சுவத்துல சாஞ்சேதான் தூங்குறாரு. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம், பெருசா ஒண்ணும் இல்லன்னாங்க. ஈசிஜியும் எக்கோவும் நார்மல். பிசியோ அண்ணா சொன்ன மாதிரி வயித்துல கைவச்சுப் பார்த்தேன், அவரு மூச்சை இழுக்கும்போது வலது பக்கம் சரியா ஏறவே இல்ல. இது நானா நினைச்சுக்குறேனா?

---

கே.கே.நகர் பிசியோ | வியாழன், மதியம் 12:10

அம்மா, நீங்கள் பார்த்தது வீண் கற்பனையாக இருக்காது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ எதற்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்படி இல்லையென்றால் இந்த வாரமே ஒரு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.

உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. தோளுக்காகக் கழுத்தில் ஊசி போடும் இடத்துக்கு மிகவும் பக்கத்தில்தான் அது ஓடுகிறது. அதனால் அந்த மருந்து இந்த நரம்பையும் மரக்கச்செய்து, அந்தப் பக்க உதரவிதானம் சில மணி நேரம் வேலை செய்யாமல் இருப்பது மிகவும் சாதாரணம். மருந்தின் வேகம் போனதும் சரியாகிவிடும். மூன்று வாரமாகியும் சரியாகவில்லை என்பது அரிது, ஆனால் நடப்பதுண்டு. அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன்.

படுத்தால் ஏன் கூடுகிறது என்றால், தளர்ந்துபோன பாதி உதரவிதானம் துணி மாதிரி. நிமிர்ந்து உட்கார்ந்தால் வயிற்று உறுப்புகளின் எடை அதைக் கீழே பிடித்துவைக்கிறது. படுத்தால் அதே உறுப்புகள் அதை மார்புக்குள் தள்ளுகின்றன. நல்ல பக்கமும் விலாத்தசைகளும் மூச்சை இழுக்கும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சல், இந்தத் துணியையும் மேலே இழுத்துக்கொள்கிறது. இறங்க வேண்டிய நேரத்தில் அது ஏறுகிறது.

எக்ஸ்ரேயைப் பற்றி ஒன்று கேளுங்கள். வலது உதரவிதானம் பெரும்பாலானவர்களுக்கு இடதைவிடச் சற்று உயரமாக இருக்கும். அதனால் வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாக உயர்ந்திருந்தாலும் கண்ணை உறுத்தாமல் போகலாம். அசையாத படத்தில் அசைவு தெரியவும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் வைத்துக்கொண்டு அப்பாவைச் சட்டென்று மூக்கால் உறிஞ்சச் சொல்வார்கள். நல்ல பக்கம் வெடுக்கென்று இறங்கும், செயலற்ற பக்கம் மேலே எகிறும். ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையை உட்கார்ந்தும் படுத்தும் இரண்டு தடவை செய்ய முடியுமா என்றும் கேளுங்கள்.

---

அம்பத்தூர் பட்டறை | வியாழன், இரவு 9:20

தங்கச்சி, ராத்திரியில வண்டி ஏதும் தேவைன்னா சொல்லு. நம்ம பக்கத்துலதான் இருக்கோம்.

---

பெரம்பூர் டியூஷன் | சனி, இரவு 8:50

பிசியோ சார், ஒன்று கேட்க வேண்டும். என் மாணவி முதலில் நினைத்த மாதிரி, உதரவிதானம் விலாவை உள்ளே இழுப்பது எந்த நிலையிலாவது நடக்குமா? கிண்ணம் தட்டையாகிப்போனால்?

---

கே.கே.நகர் பிசியோ | சனி, இரவு 10:40

நடக்கும் டீச்சர். வாரம் இரண்டு மூன்று பேரிடமாவது பார்க்கிறேன். வருடக்கணக்காகப் பீடி பிடித்து நுரையீரல் உப்பிப்போனவர்களுக்கு உள்ளே காற்று தேங்கிக்கொண்டே இருக்கும். உதரவிதானம் கீழே தள்ளப்பட்டுத் தட்டையாகிவிடும். விலாவை ஒட்டி நேர் மேலே ஏறுகிற அந்தப் பகுதி அநேகமாகக் காணாமலே போய்விடும். அப்போது தசைநார்கள் குறுக்காக ஓடுகின்றன, குறுக்காகவே இழுக்கின்றன. அவர் மூச்சை இழுக்கும்போது கீழ் விலாவின் ஓரம் உள்ளே போகும். இதற்கு ஹூவர் அறிகுறி என்று பெயர். இரண்டு கட்டைவிரல்களையும் நெஞ்செலும்பு முனைக்குக் கீழே விலாவின் ஓரத்தில் வைத்தால் தெரியும். நமக்கு விலகிப் போகிற விரல்கள் அவருக்கு நெருங்கி வரும்.

19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் விலங்குகளில் இதையே வேறு விதமாகக் காட்டினார். வயிறு மூடியிருக்கும்போது உதரவிதானத்தின் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் கீழ் விலா வெளியே விரிந்தது. வயிற்று உறுப்புகளை எடுத்துவிட்டுத் தூண்டினால் அதே விலா உள்ளே போனது. ராட்டினத்தைக் கழற்றிவிட்ட மாதிரிதான். ஆக, உங்கள் மாணவியின் தர்க்கத்தில் பிழை இல்லை. அவள் கையில் இருந்த பாட்டிலில் கல்லீரல் இல்லை, அவ்வளவுதான்.

---

வியாசர்பாடி | செவ்வாய், மாலை 5:15

எல்லாருக்கும் நன்றி. நேத்து டாக்டரைப் பார்த்துட்டோம். ஸ்கேன்ல அப்பாவை மூக்கை உறிஞ்சச் சொன்னாங்க. திரையில நானே பார்த்தேன். இடது பக்கக் கோடு சட்டுனு ஒரு பக்கம் போச்சு, வலது பக்கம் அதுக்கு நேர் எதிரா போச்சு. அண்ணா சொன்னது அப்படியே. ஊதுற டெஸ்ட்டுல உக்காந்து 2.6 லிட்டர், படுத்து 2.0 லிட்டர் வந்துச்சு. வலது பக்கம் வேலை செய்யலன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. பழைய எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்துட்டு, வலது பக்கம் கொஞ்சம் அதிகமாவே உயரமா இருக்குன்னாங்க.

நரம்பு திரும்பப் பல மாசம் ஆகலாம், திரும்பாமலும் போகலாம்னு சொன்னாங்க. தலைப்பக்கம் உயர்த்தித் தூங்கச் சொல்லியிருக்காங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன். அப்பா கேக்குறாரு, மூச்சுப் பயிற்சி செஞ்சா அந்தப் பக்கம் திரும்ப வருமான்னு.

---

கே.கே.நகர் பிசியோ | செவ்வாய், இரவு 9:55

படுத்தபோது குறைந்தது சுமார் 23 சதவீதம். ஒரு பக்கம் மட்டும் செயலிழந்தால் எதிர்பார்க்கிற அளவுதான் அது. இரண்டு பக்கமும் போயிருந்தால் இன்னும் அதிகமாக விழுந்திருக்கும்.

பயிற்சி நரம்பை வளர்க்காது அம்மா, அதை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல பக்கத்தையும் விலாத்தசைகளையும் பலப்படுத்த அது உதவலாம். அதை ஆரம்பிக்கும் முன் தோள் மருத்துவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள், தையல் போட்ட தசைநார் இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டாம். இரைப்பை நிறைந்தால் தள்ளல் இன்னும் கூடும்.

---

பிளஸ் ஒன் உயிரியல் | புதன், மாலை 7:20

அக்கா, அப்பா சீக்கிரம் சரியாகணும்.

அண்ணா, கடைசியா ஒண்ணு. நாங்க மாடியில ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து ஒருத்தர் விலாவை ஒருத்தர் தொட்டுப் பார்த்தோம். நெஞ்செலும்புக்குப் பக்கத்துல, விலாவுக்கு நடுவுல விரல் வச்சா மூச்சை இழுக்கும்போது லேசா இறுகுற மாதிரி இருக்கு. ஆனா அங்க இருக்குறது உள் விலா இடைத்தசைன்னு மிஸ் சொன்னாங்க. அது வெளிமூச்சுத் தசைதானே?

---

கே.கே.நகர் பிசியோ | புதன், இரவு 10:30

விரலுக்குப் பட்டது அந்தத் தசைதானா, மேலே இருக்கிற மார்புத் தசையா என்று தொட்டு மட்டும் சொல்வது கஷ்டம். ஆனால் உன் சந்தேகம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. நெஞ்செலும்பை ஒட்டிய உள் விலா இடைத்தசை, பெயரில் உள் என்று இருந்தாலும், மூச்சை இழுக்கும்போதுதான் சுருங்குகிறது. அமைதியான மூச்சில் விலாவைத் தூக்குவதில் அதற்கு நல்ல பங்கு உண்டு. கழுத்திலிருந்து முதல் இரண்டு விலாக்களுக்கு இறங்கும் ஸ்கலீன் தசைகளும் கூடவே வேலை செய்கின்றன. வெளி இடைத்தசை இழுக்கும், உள் இடைத்தசை விடும் என்ற வாய்ப்பாடு 18ஆம் நூற்றாண்டில் ஹாம்பெர்கர் என்ற மருத்துவர் சொன்னது. ஹாலர் என்ற இன்னொரு மருத்துவர் அப்போதே அதை எதிர்த்தார். பக்கவாட்டு விலாக்களுக்கு நடுவில் இருக்கும் தசைகள் அமைதியான மூச்சில் எவ்வளவு வேலை செய்கின்றன, எவ்வளவு உடம்பைத் திருப்பவும் நிமிர்த்தவும் இருக்கின்றன என்பதில் இன்றைக்கும் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவதில்லை.

ஒரு மார்க் கேள்வியில் எதைக் கேட்கிறார்களோ அதை எழுது. டீச்சர், அவள் தொட்டுப் பார்த்ததை நோட்டில் தனியாக எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

---

பெரம்பூர் டியூஷன் | வியாழன், காலை 6:55

எழுதிவிட்டாள் சார். அடுத்த ஞாயிறு பாட்டிலுக்குள் கீழ்ப்பக்கம் தண்ணீர் நிரப்பிய ஒரு பலூனைக் கல்லீரலாக வைத்து, பாட்டிலின் பக்கங்களை நீளமாகக் கீறி விலா மாதிரி விரியவிட்டுப் பார்க்கப் போகிறோம். காற்று கசியும் என்றுதான் நினைக்கிறேன். பட்டறை சார், கீறின இடத்தில் ஒட்ட மெல்லிய ரப்பர் ஷீட் உங்களிடம் இருக்குமா?

---

அம்பத்தூர் பட்டறை | வியாழன், காலை 7:30

அரை மில்லிமீட்டர் ஷீட் கிடக்குது டீச்சர். சனிக்கிழமை சாயந்திரம் நானே கொண்டுவந்து தரேன். டேப்பையும் எடுத்துட்டு வரேன்.